டுஷென் தசைச்சிதைவு: நடை நிற்பதற்கு முன்பும் மூச்சு தளர்வதற்கு முன்பும் வீட்டைத் தயார் செய்வது எப்படி?

தசைச்சிதைவு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. பெக்கர் வகை உள்ளவர்களில் நாற்பது வயதிலும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பையும் தோளையும் தாக்கும் லிம்ப் கர்டில் வகை ஆண், பெண் இருவருக்கும் வரும். இங்கே எழுதுவது டுஷென் வகையைப் பற்றி மட்டும். ஏறக்குறைய 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. தசையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாவதில்லை. அதனால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகவும் நாராகவும் மாறிவிடுகிறது.

இந்த நோயில் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. தசைகள் எந்த வரிசையில் தளரும் என்பது முன்பே தெரியும். முதலில் இடுப்பும் தொடையும், அப்புறம் தோளும் மேல்கையும், அதன் பிறகு முதுகும் மூச்சுத் தசைகளும். விரல்கள் கடைசிவரை ஓரளவு வேலை செய்யும். எந்த வயதில் எது என்பதுதான் பையனுக்குப் பையன் மாறும். அதனால் எந்த ஏற்பாட்டையும் ஒரு கட்டம் முன்னதாகவே செய்துவிடலாம்.

பிசியோதெரபிஸ்டாக நான் போய் வரும் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பையன் விழுந்து எலும்பு முறிந்த பிறகு சாய்தளம் கட்டுகிறார்கள். நிமோனியா வந்து ஐசியூவில் படுத்த பிறகுதான், முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் என்ற கருவியின் பெயரையே முதல்முறையாகக் கேட்கிறார்கள்.

முதல் படி: கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள்

மரபணுப் பரிசோதனை அறிக்கைதான் கோப்பின் முதல் தாள். எந்த எக்ஸானில், அதாவது மரபணுவின் எந்தத் துண்டில், கோளாறு என்பது அதில் இருக்கும். எக்ஸான் ஸ்கிப்பிங் போன்ற மருந்துகளுக்குப் பையன் தகுதியானவனா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த மருந்துகள் எல்லோருக்கும் பொருந்துவதில்லை, நோயை முழுதாக நிறுத்துவதும் இல்லை. அவற்றை எதிர்பார்த்துக்கொண்டு மற்ற ஏற்பாடுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது தாள் ரத்தப் பரிசோதனை. தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் சிபிகே என்ற நொதியின் அளவு இந்த நோயில் இயல்பைவிடப் பல மடங்கு இருக்கும். கூடவே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறியிருக்கும். இவை கல்லீரலிலிருந்து மட்டுமல்ல, தசையிலிருந்தும் கசியும். இது தெரியாமல் கல்லீரல் நோய் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பையன்கள் உண்டு. புதிய மருத்துவரைப் பார்க்கும்போது இந்தத் தாளை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கூடவே மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தமிழ்நாட்டில் தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும், பேட்டரி வீல்சேரும் தருவதற்குத் திட்டங்கள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். வீல்சேர் கைக்கு வர நாளாகும் என்பதால், பையன் தடுமாறி நடக்கும்போதே மனு போய்விடுவது நல்லது.

இரண்டாம் படி: நடக்கிற காலத்திலேயே செய்ய வேண்டியவை

ஸ்டீராய்டு நடையை நீட்டிக்கிறது. மூச்சுத் தசைகள் தளர்வதையும் முதுகு வளைவதையும் தள்ளிப்போடுகிறது. வழக்கமான தினசரி அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் பிரெட்னிசலோன், அல்லது 0.9 மில்லிகிராம் டெஃப்ளசகார்ட். எடை கூடுவது, முகம் உப்புவது, எலும்பு பலவீனமாவது என்று பக்கவிளைவுகள் இருக்கின்றன. மருத்துவர் அளவைச் சரிசெய்வார். ஆனால் ஒரு நாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது. தொடர்ந்து ஸ்டீராய்டு எடுக்கும் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக மாத்திரை உள்ளே தங்காத நாளும் இதே கணக்குதான். அன்று ஊசி மூலம் ஸ்டீராய்டு போட மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது கணுக்கால். பையன் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கத் தொடங்குவது கெண்டைத்தசை இறுகுவதால். தினமும் காலையும் மாலையும் முழங்காலை நீட்டி வைத்து, குதிகாலைக் கையில் பிடித்துப் பாதத்தை மெதுவாக மேலே தள்ளிச் சிறிது நேரம் பிடிக்க வேண்டும். இரவில் கணுக்காலை நேராகத் தாங்கும் ஏஎஃப்ஓ பட்டை போட்டுப் படுக்கலாம். எடை தூக்குவது, மாடிப்படியில் பலமுறை இறங்குவது போன்றவை தசையைக் கூடுதலாகக் கிழிக்கும். தண்ணீரில் நீந்துவது நல்லது. "நல்லா எக்சர்சைஸ் பண்ணினா சரியாயிடும்" என்று சொந்தக்காரர் யாராவது வந்து சொல்வார். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

மூச்சுப் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரியை ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு எதற்கு என்று தோன்றும். சின்ன வயதில் ஊதிப் பழகினால்தான் பதினான்கு வயதில் வரும் எண்ணை நம்ப முடியும். அதோடு, அவனுடைய உச்ச அளவு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

மூன்றாம் படி: வீடு

ஸ்டீராய்டு இல்லாவிட்டால் பெரும்பாலும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்குள் நடை நின்றுவிடும். ஸ்டீராய்டு எடுத்தால் இன்னும் சில ஆண்டுகள் போகலாம். தரையிலிருந்து எழ முடியாமல் போவது, படியேற முடியாமல் போவது, அடிக்கடி விழுவது என்று அறிகுறிகள் வரிசையாக வரும். தரையிலிருந்து எழ முடியாத நிலை வந்ததுமே கொத்தனாரைக் கூப்பிடலாம்.

சாய்தளத்துக்குக் கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நம் ஊர் வீடுகளில் வாசல் பெரும்பாலும் ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். அதாவது 18 அங்குலம், எனவே 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று ஆறு அடியில் முடித்தால், பேட்டரி வீல்சேரோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் எடையைத் தள்ளி ஏற்ற யாராலும் முடியாது, இறங்கும்போது கவிழும். நேராக இடமில்லாவிட்டால் வீட்டுச் சுவரை ஒட்டி எல் வடிவத்தில் திருப்பி, திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள். இருபுறமும் நாலு அங்குலக் கரை வைத்தால் சக்கரம் விளிம்பைத் தாண்டாது.

கதவுகளில் சிக்கல் தருவது குளியலறைக் கதவு. பல வீடுகளில் அது இரண்டரை அடிதான் இருக்கும். நிலையும் கீலும் போக உள்ளே கிடைப்பது இன்னும் குறைவு. மூன்றடிக் கதவாக மாற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். அங்கே இருக்கும் சிறு வாசற்படியை உடைத்துச் சரிவாக்கிவிடுங்கள். வீட்டிலேயே பேட்டரி நாற்காலி திரும்பும் அறை ஒன்றாவது கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும்.

தூக்குவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பையன்களை அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தோள்தசை பலவீனமாக இருப்பதால் தோள் மேலே போய், உடம்பு கைக்குள் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். இன்றைக்கு வரும் ஆட்டோக்காரருக்கும் பள்ளி ஆயாவுக்கும் இதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு கை முதுகைச் சுற்றி, இன்னொரு கை இரண்டு முழங்கால்களுக்கும் அடியில். முப்பது, முப்பத்தைந்து கிலோவைத் தாண்டியதும் ஒருவரே தூக்குவதை நிறுத்திவிட்டு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே நகர்த்த ஹாய்ஸ்ட் எனப்படும் தூக்கி ஒன்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அம்மாவின் முதுகு போய்விட்டால் வீடே நின்றுவிடும்.

விழுந்து கால் எலும்பு முறிந்தால் கவனிக்க வேண்டியது முறிவை மட்டுமல்ல. அடுத்த ஓரிரு நாட்களுக்குள் மூச்சு வாங்குவதோ குழப்பமாகப் பேசுவதோ தெரிந்தால், எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: முதலில் தளர்வது இருமல்

மூச்சுத் தளர்வு என்றால் மூச்சு வாங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் பையன் ஓடுவதில்லை, படியேறுவதில்லை, அதனால் அவனுக்கு மூச்சு வாங்காது. முதலில் குறைவது இருமலின் வேகம். சளி பிடித்தால் அதை வெளியே தள்ள முடியாமல் நுரையீரலுக்குள் தங்கி நிமோனியா ஆகும்.

நடை நின்ற பிறகு ஸ்பைரோமெட்ரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதில் பார்க்க வேண்டியது எஃப்விசி, அதாவது ஆழமாக இழுத்து முழுவதுமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு. அது அவன் உயரத்துக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் என்று அறிக்கை சொல்லும். இங்கேதான் தவறு நடக்கும். நிற்க முடியாதவனின் உயரத்தை யாரோ உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். உயரம் குறைவாகப் பதிவானால் சதவீதம் நிஜத்தைவிட நன்றாகத் தெரியும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து இன்னொரு நுனிவரை அளந்து, அந்த அளவை உயரத்துக்குப் பதிலாகக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இருமலின் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஆஸ்துமாக்காரர்களுக்காக மருந்துக்கடையில் விற்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாயில் வைத்து, ஊதாமல், பலமாக இருமச் சொல்லுங்கள். மூன்று முறை செய்து அதிகமான எண்ணை எழுதுங்கள். பதின்ம வயதைத் தொட்ட பையனுக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே இது நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே வந்தால், சளி பிடிக்கும்போது இருமல் போதாது. 160க்குக் கீழே போனால் சளியே வெளியே வராது.

எண்களை எப்படிப் படிப்பது என்று ஓர் உதாரணம் பார்ப்போம். பன்னிரண்டு வயதில் நடை நின்ற பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்க வேண்டிய எஃப்விசி 3 லிட்டர் என்று, கணக்கு எளிதாக இருக்க, மாறாமல் வைத்துக்கொள்வோம். பதிமூன்று வயதில் 1.95 லிட்டர் ஊதுகிறான், 65 சதவீதம். இருமல் 310. பதிமூன்றரையில் 1.7 லிட்டர், 57 சதவீதம், இருமல் 280. பதினான்கில் 1.45 லிட்டர், 48 சதவீதம், இருமல் 240. இந்த ஒரு வருடமும் வீட்டில் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். பார்வைக்கு அது பொய்யும் இல்லை.

அறுபது சதவீதத்துக்குக் கீழே வந்த பதிமூன்றரை வயதிலேயே அவனுக்குக் காற்றை அடுக்கும் பயிற்சி தொடங்க வேண்டும். கையால் அழுத்திக் காற்று கொடுக்கும், ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பையின் வாய்க்குழலைக் கவ்விக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுக்கும்போது நீங்கள் பையை அழுத்துகிறீர்கள். அவன் மூச்சை விடாமல் பிடித்துக்கொள்ள, இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று நெஞ்சு நிறையும்வரை காற்று உள்ளே போகிறது. சில விநாடி பிடித்துவிட்டு வெளியே விடுகிறான். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து சுற்று, தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன். இது விலா எலும்புக் கூடு இறுகாமல் வைக்கும், இருமலுக்கும் பலம் தரும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்துங்கள். முதல்முறை இதைப் பயிற்சி பெற்றவர் முன்னால் செய்து கற்றுக்கொள்ள வேண்டும்.

பதினான்கு வயதில் இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டான்: எஃப்விசி 50 சதவீதத்துக்குக் கீழே, இருமல் 270க்குக் கீழே. இனி இருமலுக்கு வெளி உதவி வேண்டும். காற்றை அடுக்கி முடித்து அவன் இருமும் அதே நொடியில், மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்து உள்ளும் மேலுமாகத் தள்ளுவது ஒரு வழி. காஃப் அசிஸ்ட் என்ற மெஷின் காற்றை உள்ளே தள்ளி உடனே உறிஞ்சி எடுக்கும், அது இன்னும் நல்லது. விலை அதிகம் என்பதால் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று சளி பிடிப்பதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

சளி பிடித்த நாட்களில் விரல் ஆக்சிமீட்டரைக் கையோடு வைத்திருங்கள். 95க்குக் கீழே இறங்கினால் சளி எங்கோ அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இருமல் உதவியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் மருத்துவமனை. ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசியும், மருத்துவர் சொல்லும் நிமோனியா தடுப்பூசியும் இந்தக் கட்டத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரவு மூச்சும் பைபாப்பும்

தூக்கத்தில் மூச்சு எல்லோருக்குமே மேலோட்டமாகிவிடும். தளர்ந்த தசைக்கு அது போதாமல் கார்பன் டைஆக்சைடு ரத்தத்தில் தேங்குகிறது. பகலில் எடுக்கும் பரிசோதனையில் இது தொடக்கத்தில் தெரியாது, ஆனால் வீட்டில் தெரியும். இரவில் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டவன் ஐந்து முறை கூப்பிடுவான். காலையில் தலைவலி, அது பத்து மணிக்குள் தானாகப் போய்விடும். காலைச் சாப்பாடு இறங்காது. வகுப்பில் தூங்கி விழுவான். கெட்ட கனவு, எரிச்சல். "பரீட்சை டென்ஷன்" என்று இதையெல்லாம் தள்ளிவிடுவது சுலபம். எத்தனை முறை கூப்பிட்டான் என்பதை ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள், மருத்துவருக்கு அது உதவும்.

எஃப்விசி 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, இந்த அறிகுறிகள் இருந்தாலோ, பகலிலேயே ரத்தக் கார்பன் டைஆக்சைடு 45க்கு மேல் இருந்தாலோ இரவு மூச்சுக் கருவிக்கு நேரம் வந்துவிட்டது. தூக்கப் பரிசோதனை செய்தால் கார்பன் டைஆக்சைடையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். குறட்டைக்காகச் செய்யும் சாதாரணப் பரிசோதனையில் அதை விட்டுவிடுவார்கள்.

கருவி வாங்கும்போது சீபாப் வேண்டாம். அது ஒரே அழுத்தத்தில் காற்று தருவது, பலவீனமான தசைக்கு உதவாது. பைபாப் வேண்டும், அதிலும் அவன் மூச்சு இழுக்க மறந்தால் தானே மூச்சு தரும் எஸ்டி முறை உள்ளது வேண்டும். முகமூடியில் மூக்கை மட்டும் மூடும் வகை நல்லது. வாயையும் மூடும் முகமூடியைப் போட்டுக்கொண்டு வாந்தி வந்தால், கையைத் தூக்க முடியாத பையனால் அதைக் கழற்ற முடியாது. மூக்குத் தண்டு புண்ணாகாமல் இருக்க இரண்டு வடிவ முகமூடிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் நாளே இரவு முழுக்கப் போட்டால் பிடுங்கி எறிவான். பகலில் கிரிக்கெட் பார்க்கும்போது அரை மணி நேரம், அப்புறம் மதியத் தூக்கத்தில், அதன் பிறகு இரவு என்று பழக்கலாம். விரலுக்கடியில் காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்று இருந்தால் அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் தூக்கம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைக் கருவி வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள். பல பைபாப் கருவிகளுக்கு உள்ளே பேட்டரி கிடையாது. 12 வோல்ட், 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட் மணி இருக்கும், நம்பிக்கையாக எடுக்கக்கூடியது அதில் பாதி, 900. பைபாப் 60 வாட், ஃபேன் 70, விளக்கு 10 என்றால் மொத்தம் 140 வாட். ஆறு மணி நேரம் போகும். ஈரப்பதமூட்டியின் ஹீட்டரையும் சேர்த்து ஓட்டினால் வேகமாகத் தீரும், அதனால் கரண்ட் இல்லாதபோது அதை அணைத்துவிடுங்கள். உங்கள் கருவியின் வாட் அளவு அதன் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஆம்பு பை எப்போதும் கட்டில் தலைமாட்டில்.

ஆறாம் படி: அவசர அட்டை

நள்ளிரவில் உங்களைப் பார்க்கப்போவது பயிற்சி மருத்துவராக இருக்கலாம், டுஷென் நோயாளியை அவர் இதுவரை பார்த்திருக்கவே மாட்டார். ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்து லேமினேட் செய்து வீல்சேர் பையில் வையுங்கள். உங்கள் மருத்துவரின் கையெழுத்து இருந்தால் மதிப்பு கூடும். அதில் இருக்க வேண்டியவை:

- நோயின் பெயர், ஸ்டீராய்டின் பெயர், தினசரி அளவு. திடீரென நிறுத்தக் கூடாது.
- ஆக்சிஜன் மட்டும் கொடுத்து விட்டுவிடக் கூடாது. ஆக்சிமீட்டர் எண் ஏறும், ஆனால் கார்பன் டைஆக்சைடு தேங்கி மயக்கமாகிவிடுவான். மூச்சுக் கருவியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், ரத்தக் கார்பன் டைஆக்சைடு பார்க்க வேண்டும்.
- மயக்க மருந்தில் சக்சினைல்கோலின் கூடவே கூடாது, முகர வைக்கும் மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும். பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நிற்கலாம்.
- சிபிகே, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எப்போதும் அதிகமாகவே இருக்கும்.
- கடைசி எஃப்விசி, கடைசி எக்கோ, பைபாப் அழுத்த அளவுகள்.

மருத்துவமனைக்குப் போகும்போது பைபாப், முகமூடி, ஆம்பு பை மூன்றையும் எடுத்துப் போங்கள். அங்கே அவன் முகத்துக்குப் பொருந்தும் முகமூடி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: இதயமும், பேச வேண்டிய பேச்சும்

இதயமும் தசைதான். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு எக்கோ வேண்டும். பத்து வயதுக்குள் இதயத்தின் சுமையைக் குறைக்கும் ஏசிஇ வகை மாத்திரை தொடங்குவது இப்போதைய வழக்கம்.

மூச்சுக் கருவிகள் வராத காலத்தில் பதின்ம வயதின் கடைசியிலேயே பலர் இறந்தார்கள். இரவு பைபாப்பும் இதயச் சிகிச்சையும் கிடைப்பவர்களில் பலர் இன்று முப்பது வயதைத் தொடுகிறார்கள். அதனால்தான் பின்னால் வரும் முடிவுகளில் அவனுக்குப் பங்கு இருக்க வேண்டும். பகலிலும் கருவி தேவைப்படும்போது வாயில் கவ்வும் குழல் போதுமா, தொண்டையில் துளையிட்டு டிராக்கியாஸ்டமி செய்வதா, அதுவும் வேண்டாமா என்பதை அவன் பதினைந்து, பதினாறு வயதில் உடம்பு நன்றாக இருக்கும்போது கேட்க வேண்டும். ஐசியூ வாசலில் படிவத்தை நீட்டும்போது அல்ல. பல பையன்களுக்குப் பெற்றோர் நினைப்பதைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. செல்போனில் தேடிப் படித்திருப்பார்கள், கேட்க ஆள் இல்லாமல் இருந்திருப்பார்கள்.

கடைசியாக அம்மாவுக்கு. மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் இந்த மரபணு மாற்றம் அம்மாவிடமிருந்து வருகிறது. அது இருக்கும் பெண்களில் சிலருக்கு நடுவயதில் இதயத்தசை பலவீனமாகும். இரவெல்லாம் எழுந்து திருப்பிப் படுக்கவைத்து, பகலில் தூக்கி இறக்கும் அதே அம்மாவுக்கு வரும் களைப்பை யாரும் இதயத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அவர் மரபணுப் பரிசோதனை செய்து, மாற்றம் இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும். பையனுடைய அக்கா, தங்கை, சித்தி, பெரியம்மா ஆகியோரும் கல்யாணத்துக்கோ குழந்தைக்கோ முன்னால் மரபணு ஆலோசகரைப் பார்க்கலாம். பையனின் அறிக்கையில் எந்த மாற்றம் என்று இருப்பதால் அவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.